"மதம் மாற்றுகிறீர்கள்" என்ற பழிக்கு வீடியோவில் எப்படிப் பதில் சொல்வது?

வாசகர் கேள்வி:

கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் இடையில் ஒரு கடற்கரை ஊர் எங்களுடையது. நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து யூடியூப் சேனல் நடத்துகிறோம். நோன்பு எதற்கு, பாங்கில் என்ன சொல்கிறார்கள் என்று மற்ற மதத்தவர் கேட்பதற்கு விளக்கம் சொல்வோம். சென்ற ரமலானில் பக்கத்து மீனவர் தெருப் பிள்ளைகளைப் பள்ளிவாசல் திடலுக்கு அழைத்தோம். நோன்புக் கஞ்சியும் நோட்டுப் புத்தகமும் கொடுத்துவிட்டு இஸ்லாம் பற்றிப் பேசினோம். நோட்டுக் கொடுப்பதையும், "இந்த வழிக்கு உங்களையும் அழைக்கிறோம்" என்று கடைசியில் நான் சொன்னதையும் யாரோ ஒட்டி, 38 நொடி வீடியோவாக வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார்கள். தெருவில் சில தாய்மார்கள் கோபமாக இருக்கிறார்கள். அரசியல் சாசனமே மதம் மாற்ற உரிமை தந்திருக்கிறது, பயப்படாதே என்கிறான் ஒரு நண்பன். தமிழ்நாட்டில் மதமாற்றத் தடைச் சட்டம் இருக்கிறது, உள்ளே போட்டுவிடுவார்கள் என்கிறான் இன்னொருவன். பழைய வீடியோவை அழித்துவிடலாமா? பதில் வீடியோ போட்டால், இஸ்லாத்துக்கு வந்த ஒரு சகோதரியை அதில் பேசவைக்கலாமா?

வழக்கறிஞர் பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

பதில் வீடியோ போடுங்கள், ஆனால் இன்றைக்கு வேண்டாம். அதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாமல் போட்டால் எவ்வளவு அமைதியாகப் பேசினாலும் எடுபடாது. முதலில் உங்கள் நண்பர்கள் இருவர் சொன்னதையும் சரிசெய்துவிடுகிறேன், ஏனென்றால் இரண்டுமே தவறு.

சட்டம் எதுவரை உங்கள் பக்கம்

அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவு மனசாட்சிச் சுதந்திரத்தையும், ஒரு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உள்ள உரிமையையும் எல்லோருக்கும் தருகிறது. பொது அமைதி, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்ட உரிமை அது. பரப்புவது எதுவரை போகலாம் என்ற கேள்விக்கு 1977இல் ஸ்டனிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு பதில் சொன்னது. தன் மதத்தின் கொள்கைகளை எடுத்துச் சொல்லிப் பரப்பலாம், ஆனால் இன்னொருவரை மதம் மாற்றுவது அடிப்படை உரிமை ஆகாது என்பதுதான் அந்தத் தீர்ப்பு. கேட்பவருக்கும் மனசாட்சிச் சுதந்திரம் இருக்கிறது என்பது அதற்கு நீதிமன்றம் சொன்ன காரணம். இந்தத் தீர்ப்பை விமர்சிக்கும் சட்ட அறிஞர்கள் உண்டு. இருந்தாலும் இன்றுவரை நடைமுறையில் இருப்பது அதுதான். ஆகவே "மதம் மாற்றுவது எங்கள் உரிமை" என்ற வாக்கியம் உங்கள் வீடியோவில் வரவே கூடாது. "எங்கள் மதத்தை விளக்குவது எங்கள் உரிமை, ஏற்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை" என்று சொன்னால் சட்டப்படியும் அது சரி.

இரண்டாவது நண்பர் சொல்லும் சட்டம் ஒரு காலத்தில் இருந்தது. பலவந்தமாகவோ ஆசை காட்டியோ ஏமாற்றியோ மதம் மாற்றுவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2002இல் சட்டம் கொண்டுவந்தார்கள், 2004இல் திரும்பப் பெற்றுவிட்டார்கள். சில வட மாநிலங்களில் உள்ளது போன்ற தனிச் சட்டம் இன்று இங்கே இல்லை. இதைக் கேட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். புகார் வருவதென்றால் வேறு வழியாக வரும். மதங்களுக்கிடையே பகை மூட்டுவது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆவது பிரிவில் வருகிறது. திட்டமிட்டுத் தீய நோக்கத்தோடு ஒரு மதத்தினரின் உணர்வைப் புண்படுத்துவது 299ஆவது பிரிவில் வருகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 153ஏ, 295ஏ என்று ஊரில் சொல்வார்களே, அவைதான் இவை. உங்கள் மதத்தை விளக்குவதால் மட்டும் இந்தப் பிரிவுகள் பாயாது. அடுத்தவர் தெய்வத்தையோ வழிபாட்டையோ இழிவாகப் பேசினால்தான் ஆபத்து. நீங்கள் இதுவரை போட்ட வீடியோக்கள் எதிலாவது சிலை வணக்கத்தைக் கேலி செய்யும் தொனியிலோ, திரித்துவத்தைக் கிண்டலடித்தோ ஒரு வாக்கியம் இருக்கிறதா என்று நான்கு பேரும் உட்கார்ந்து பாருங்கள். பதில் வீடியோ போட்டதும் உங்களைப் பிடிக்காதவர்கள் முதலில் பழைய வீடியோக்களைத்தான் தோண்டுவார்கள்.

அந்த 38 நொடியில் எவ்வளவு உண்மை

வெட்டி ஒட்டியது தவறு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தாய்மார்களின் கோபம் முழுக்க அந்த வெட்டால் வந்ததல்ல என்று நினைக்கிறேன். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இந்தக் கடற்கரையில் நோன்புக் கஞ்சிக்கு எல்லா வீட்டுப் பிள்ளைகளும் தூக்குவாளியோடு வருவது எத்தனை தலைமுறை வழக்கம். ஏர்வாடி தர்காவுக்கு எல்லா மதத்தவரும் வருகிறார்கள். இதற்கெல்லாம் யாரும் மதமாற்றம் என்று சொன்னதில்லை. அந்தக் கஞ்சியோடு பேச்சு எதுவும் சேர்ந்திருக்கவில்லை என்பதுதான் காரணம். வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். நீங்கள் அதில் இரண்டு புதிய விஷயங்களைச் சேர்த்துவிட்டீர்கள். ஒன்று நோட்டுப் புத்தகம், இன்னொன்று அழைப்பு. அதுவும் பெற்றோர் இல்லாத இடத்தில், பிள்ளைகளிடம்.

உங்கள் மனதில் இவை தனித்தனி. நோட்டுக் கொடுத்தது தர்மம், பேசியது விளக்கம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே கை ஒரே மாலையில் இரண்டையும் நீட்டியதாகத்தான் தெரியும். ஆசை காட்டுவது என்று மற்ற மாநிலச் சட்டங்கள் எழுதிவைத்திருப்பதும் பரிசும் மத அழைப்பும் சேரும் இடத்தைத்தான். "மார்க்கத்தில் கட்டாயம் இல்லை" என்ற குர்ஆன் வசனத்தைச் (2:256) சொன்னால் போதும் என்று உங்களுக்குத் தோன்றலாம். அது உங்கள் நம்பிக்கை, கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் அந்தத் தாய் கேட்பது உங்கள் வேதம் என்ன சொல்கிறது என்பதை அல்ல. அன்று மாலை தன் மகனிடம் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைத்தான் கேட்கிறார்.

இந்தப் பயத்தை வெறுப்பு என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தச் சீமையில் மதம் மாறுவது எப்போதுமே குடும்பத்தையும் உறவையும் தொட்ட விஷயம். ஓரியூரில் 1693இல் அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோ பாதிரியார் கொல்லப்பட்ட கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மறவர் குலத் தலைவர் தடியத்தேவர் அவரிடம் ஞானஸ்நானம் பெற்று, ஒரு மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவினர். கொள்கை விவாதமாகத் தொடங்கியது ஒரு பெண்ணின் வாழ்க்கைப் பிரச்சினையாகி, உயிர்ப்பலி வரை போனது. பிள்ளை கைவிட்டுப் போய்விடுமோ என்று ஒரு அம்மா பயந்தால், அந்தப் பயத்துக்கு மரியாதை கொடுத்துப் பதில் சொல்லவேண்டும்.

அதனால்தான் முதல் வேலை கேமராவில் இல்லை என்கிறேன். அன்று வந்த பிள்ளைகளின் வீடுகளுக்குப் போங்கள். நான்கு பேரும் கூட்டமாகப் போகவேண்டாம். பேசிய நீங்களும், ஜமாஅத்தில் வயதான ஒருவரும், முடிந்தால் உங்கள் வீட்டுப் பெண் ஒருவரும் போதும். மீனவர் தெருத் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். போன இடத்தில் மதம் பற்றி ஒரு வார்த்தை கூடப் பேசவேண்டாம். "பேச்சு இருக்கும் என்று உங்களிடம் சொல்லாமல் பிள்ளைகளைக் கூப்பிட்டது தவறு, இனி அப்படி நடக்காது" என்று மட்டும் சொல்லுங்கள். அந்தச் சந்திப்பைப் படம் எடுக்காதீர்கள். ஒரு போன் வெளியே எடுக்கப்பட்டாலும் அது விளம்பரமாகிவிடும். நோட்டைத் திருப்பித் தருகிறேன் என்று யாராவது நீட்டினால் வாதாடாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீடியோவில் சொல்லவேண்டியது

நான் பார்த்த பதில் வீடியோக்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வழுக்கி விழுகின்றன. பயத்தில், "நாங்கள் யாரையும் எங்கள் மதத்துக்கு அழைப்பதே இல்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். நீங்கள் அழைத்தது வீடியோவில் பதிவாகியிருக்கிறது. மறுத்தால் அடுத்த 38 நொடி தயார். அழைத்ததை ஒப்புக்கொள்ளுங்கள், வற்புறுத்தவில்லை என்பதைச் செயல்களைச் சொல்லிக் காட்டுங்கள். பெயர் எழுதி வாங்கினீர்களா, உறுதிமொழி சொல்லவைத்தீர்களா, வீடு தேடிப் போனீர்களா, போன் நம்பர் கேட்டீர்களா, இவற்றில் எதெல்லாம் இல்லையோ அதை மட்டும் சொல்லுங்கள். ஒன்றாவது நடந்திருந்தால் அதை மறைத்து வீடியோ போடாதீர்கள். முதலில் ஒரு வழக்கறிஞரிடம் நேரில் பேசுங்கள்.

இன்னொரு நுணுக்கம். தமிழில் குற்றச்சாட்டைத் திருப்பிச் சொல்லும்போது "என்கிறார்கள்" என்பது கடைசியில்தான் வரும். "நாங்கள் பிள்ளைகளை மதம் மாற்றுகிறோம் என்கிறார்கள்" என்று நீங்கள் சொன்னால், கடைசிச் சொல்லை மட்டும் வெட்டிவிட்டால் போதும், உங்கள் வாயாலேயே ஒப்புதல் கிடைத்துவிடும். எனவே குற்றச்சாட்டை "நாங்கள்" என்று வைத்துச் சொல்லவே வேண்டாம். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்தையும் தனியாக வெட்டிப் படித்துப் பாருங்கள். பொருள் மாறினால் திருத்துங்கள்.

உங்கள் விஷயத்துக்கு ஏற்ற மாதிரி ஒரு வரைவு தருகிறேன். நடந்ததற்குப் பொருந்தாததை மாற்றிக்கொள்ளுங்கள்:

"வணக்கம். ரமலானில் எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் திடலில் நான் பேசியதிலிருந்து 38 நொடி மட்டும் சுற்றி வருகிறது. பேசியது நான்தான். 'அழைக்கிறோம்' என்ற சொல்லும் என்னுடையதுதான். எங்கள் மதம் நல்லது என்று நம்புகிறோம், அதை மற்றவர்களுக்கும் விளக்குகிறோம். கேட்டுவிட்டு வேண்டாம் என்று போவது அவரவர் உரிமை, அதனால் எங்கள் நட்பு மாறாது. அன்று யாரிடமும் பெயர் எழுதி வாங்கவில்லை, உறுதிமொழி கேட்கவில்லை. நோட்டு எல்லோருக்கும் கொடுத்தோம், அதற்குப் பிறகு எழுந்து போனவர்களும் உண்டு. நோட்டுக் கொடுத்த காட்சியும் அந்த வாக்கியமும் அடுத்தடுத்து நடந்தவை அல்ல. முழு வீடியோவில் அந்த இடங்களின் நேரத்தைக் கீழே கொடுத்திருக்கிறோம். ஒரு விஷயத்தில் பெற்றோருக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். பிள்ளைகளை அழைக்கும்போது மத விளக்கமும் இருக்கும் என்று அவர்களிடம் சொல்லியிருக்கவேண்டும், சொல்லவில்லை. நேரில் பார்த்து வருத்தம் சொன்னோம். இனி உதவி கொடுக்கும் இடத்தில் மதப் பேச்சு இருக்காது. மதம் பற்றிப் பேசும் கூட்டத்தில் பொருள் எதுவும் கொடுக்கமாட்டோம். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பெற்றோர் இல்லாமல் அழைக்கமாட்டோம். எங்கள் மீது சந்தேகம் இருப்பவர்கள் ஊரில் நேரில் கேட்கலாம்."

இவ்வளவுதான். மூன்று நிமிடத்துக்குள் முடியும். இதில் நீங்கள் ஒப்புக்கொள்வது நடந்த செயலை மட்டும் என்பதைக் கவனியுங்கள். "வற்புறுத்தியதற்கு மன்னிக்கவும்" என்று உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிவிட்டால், நடக்காத ஒன்றுக்கு நீங்களே சாட்சி சொன்னதாகிவிடும். சொல்லாமல் அழைத்தது ஒரு செயல். வற்புறுத்தல் ஒரு முடிவு. அதை நீங்கள் தீர்மானிக்கவேண்டாம்.

பேசுவது நீங்களாகவே இருக்கட்டும். ஆலிமைக் கூட்டிவந்தால் பேச்சு மார்க்க விவாதமாகிவிடும். பின்னணி இசை வேண்டாம், ஒரே ஷாட்டில் எடுங்கள். வெட்டு இருந்தால், மற்றவர் வெட்டியதைக் குறை சொல்லும் வீடியோவிலேயே வெட்டா என்று கேட்பார்கள். 38 நொடி வீடியோவைப் போட்டவர் யாரென்று தெரிந்தாலும் பெயர் சொல்லவேண்டாம். உங்கள் ரசிகர்கள் அவர் வீட்டு வாசலில் போய் நின்றால் பொறுப்பு உங்கள் தலையில் விழும். கமெண்ட்டுகளை மூடிவிடாமல், பார்த்து அனுமதிக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த் தரப்பின் வசவை நீக்குவதைவிட, உங்கள் ஆதரவாளர்கள் மற்ற மதத்தை ஏசி எழுதுவதை நீக்குவதில் அதிக விழிப்பாக இருங்கள். உங்கள் சேனலின் கீழே நிற்கும் ஏச்சு உங்கள் குரலாகத்தான் படிக்கப்படும்.

அந்தச் சகோதரியை வீடியோவில் கொண்டுவருவது வேண்டாம், இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. மனம் மாறி வந்தவரைக் காட்டினால் வற்புறுத்தல் இல்லை என்று நிரூபணமாகும் என்று நினைக்கிறீர்கள். பார்ப்பவர் மனதில் பதிவது, மாற்றம் நடக்கத்தான் செய்கிறது என்பதே. அதைவிட முக்கியம் அவருடைய நிலை. வயதுவந்த ஒருவரின் மதம் அவருடைய சொந்த முடிவு என்று 2018இல் கேரளத்தின் ஹாதியா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் அந்தத் தீர்ப்பு வருவதற்குள் அந்தப் பெண் உயர் நீதிமன்ற உத்தரவால் மாதக்கணக்கில் பெற்றோர் காவலில் இருந்தார். நாடே அவர் முகத்தை விவாதித்தது. உங்கள் மேல் விழுந்த பழியைத் துடைக்க இன்னொருவர் முகத்தை எடுக்காதீர்கள். அவரே விரும்பிக் கேட்டாலும் இப்போது வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இதையொட்டி ஒரு விஷயம், உங்களைப் போன்ற சேனல்கள் பேசாமலே விடுவது. உங்கள் விளக்கத்தைக் கேட்டு மனம் மாறுபவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவரானால், 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இஸ்லாத்துக்கோ கிறிஸ்தவத்துக்கோ மாறியதும் அந்தத் தகுதியை இழக்கிறார். கல்வி, வேலை, தேர்தல் இடஒதுக்கீடு எல்லாவற்றிலும் அதன் பாதிப்பு இருக்கும். யாராவது தாமாக வந்து விசாரித்தால் முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்லி, ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு வரும்படி அனுப்புங்கள். தெரியாமல் முடிவெடுக்கவைத்துவிட்டார்கள் என்ற புகாருக்கு அப்போது இடமே இருக்காது.

ஆதாரமும் போலீஸும்

பழைய வீடியோவை அழிக்காதீர்கள். உங்களைக் காப்பாற்றக்கூடிய ஒரே பொருள் அந்த முழுப் பதிவுதான். பிள்ளைகளின் முகம் தெரிகிறதே என்ற கவலை நியாயமானது. யூடியூபிலேயே முகத்தை மங்கலாக்கும் வசதி இருக்கிறது, அதைச் செய்துவிட்டு விட்டுவையுங்கள். கேமராவின் மெமரி கார்டில் உள்ள மூலப் பதிவைத் தொடாமல் எடுத்து வையுங்கள், அதில் இனி எதையும் பதிவு செய்யாதீர்கள். அதன் நகலை நீதிமன்றத்தில் காட்டவேண்டி வந்தால், புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆவது பிரிவுப்படி சான்றிதழ் இணைக்கவேண்டும். மூலம் கைப்படாமல் இருந்தால் அது எளிது. உங்களுக்கு வந்த 38 நொடி வீடியோவையும், எந்த எண்ணிலிருந்து எந்த நாள் வந்தது என்பது தெரியும்படி ஸ்கிரீன்ஷாட்டோடு வையுங்கள்.

வெட்டி ஒட்டியவர் மேல் புகார் கொடுக்க உங்களுக்கும் உரிமை உண்டு. அவதூறு பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவில் வருகிறது. மிரட்டல் ஏதாவது வந்திருந்தால் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிடுங்கள், அதில் தாமதிக்கவேண்டாம். மிரட்டல் இல்லையென்றால், பெற்றோரைச் சந்தித்து வீடியோவும் போட்ட பிறகு யோசிக்கலாம். இப்போதே வழக்கு என்று போனால், தெருவில் இரண்டு பக்கமும் ஆள் சேரும்.

உங்கள் மேல் புகார் வந்து ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் போகாமல் இருக்காதீர்கள். ஆனால் போனில் கூப்பிட்டால், எழுத்து மூலம் நோட்டீஸ் தரும்படி பணிவாகக் கேளுங்கள். 196, 299 இரண்டுமே ஜாமீனில் வர முடியாத பிரிவுகள் என்று யாராவது பயமுறுத்துவார்கள். அது உண்மைதான். ஆனால் உங்கள் விஷயத்தில் வரக்கூடிய அதிகபட்சத் தண்டனை ஏழு ஆண்டுக்கு வெகு கீழே இருப்பதால், பி.என்.எஸ்.எஸ். என்ற குற்ற நடைமுறைச் சட்டத்தின் 35(3) பிரிவுப்படி நோட்டீஸ் கொடுத்து விசாரிப்பதே முறை. அந்த நோட்டீஸ்படி ஆஜராகி ஒத்துழைப்பவரைக் கைது செய்ய, காரணத்தை எழுத்தில் பதிவு செய்யவேண்டும். அதோடு, இந்த இரண்டு குற்றங்களையும் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க மத்திய அல்லது மாநில அரசின் முன் அனுமதி தேவை. போகும்போது முழு வீடியோவின் நகலையும் ஒரு வழக்கறிஞரையும் கூட்டிப் போங்கள்.

எஃப்.ஐ.ஆர். ஏற்கெனவே பதிவாகிவிட்டது என்று தெரிந்தால் மேலே கொடுத்த வரைவைப் பேசவேண்டாம். உங்கள் வழக்கறிஞர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை வீடியோவை நிறுத்தி வையுங்கள். அந்தத் தாய்மார்களைச் சந்திப்பதையும் அவரிடம் கேட்டுவிட்டே செய்யுங்கள், சாட்சிகளைக் கலைக்கப் போனதாகச் சொல்லிவிடுவார்கள். பதிவாகவில்லையென்றால், மீனவர் தெருத் தலைவரை நாளைக்கே போய்ப் பாருங்கள்.